தைராய்டு குறைபாட்டால் ஏற்படும் குரல் கம்மல்

'''தைராய்டு குறைபாட்டால் ஏற்படும் குரல் கம்மல்''' என்பது, கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு இயக்குநீரைச் சுரக்காத நிலையில் குரல் தடித்து, தாழ்ந்து, கரகரப்பாக மாறுவதாகும். சிலருக்கு இதனுடன் தொண்டையில் ஏதோ நிறைந்திருப்பது போன்ற உணர்வும் தோன்றும். தைராய்டு சுரப்பியைத் தமிழில் ''கேடயச் சுரப்பி'' என்றும் அழைப்பர். குரல் கம்மலுக்குப் பொதுவான காரணங்கள் சளியும், உரத்துப் பேசுவதும், புகையும் ஆகும். தைராய்டு குறைபாடு அவற்றைவிட அரிதான காரணம். ஆயினும் ஒரே ஓர் இரத்தச் சோதனையால் பெரும்பாலும் கண்டறியக்கூடியதும், மாத்திரையால் சரிசெய்யக்கூடியதும் என்பதால் இக்காரணத்தை அறிந்திருப்பது பயனுடையது.

== குரல் மாறும் விதம் ==

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றின் இடையே செல்லும்போது இவை அதிர்ந்து ஒலி பிறக்கிறது. பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 120 முறையும், பெண்களின் குரல்நாண்கள் சுமார் 200 முறையும் அதிர்கின்றன. ஒவ்வொரு குரல்நாணிலும் தசையின் மேல் கூழ் போன்ற மென்மையான ஓர் அடுக்கும், அதன் மேல் மெல்லிய தோலும் உண்டு. இந்தக் கூழ் அடுக்கு தளர்வாக இருப்பதால்தான் மேற்பரப்பு அலைபோல் அசைந்து தெளிவான ஒலியைத் தருகிறது.

தைராய்டு இயக்குநீர் குறையும்போது உடலின் பல திசுக்களில் ஐயலூரானிக் அமிலம் போன்ற மாவுச்சத்துச் சார்ந்த பொருள்கள் தேங்குகின்றன. இவை நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும் இயல்புடையவை. எனவே முகமும் கண்ணிமையும் உப்புவது போலவே குரல்நாண்களும் உப்புகின்றன. வீணையில் தடித்த கம்பி மெல்லிய கம்பியைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதை இங்கு ஒப்பிடலாம். குரல்நாணின் எடை கூடுவதால் அதிர்வு மெதுவாகிறது, குரல் தாழ்கிறது. இரண்டு நாண்களும் ஒரே அளவில் உப்பாவிட்டால் அதிர்வு ஒழுங்கற்றதாகிக் கரகரப்பு தோன்றுகிறது. நாவும் தடிப்பதால் சொற்கள் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல் மெதுவாகவும் குழறலாகவும் வெளிவரலாம்.

இக்குரல் மாற்றத்தை அடையாளம் காண உதவும் தன்மை அதன் மெதுவான போக்கு ஆகும். சளியினால் வரும் தொண்டைக்கட்டு ஓரிரு நாட்களில் தொடங்கி ஓரிரு வாரங்களில் நீங்கும். உரத்துக் கத்தியதால் வரும் கம்மல் ஓய்வெடுத்தால் குறையும். தைராய்டு குறைபாட்டில் குரல் பல மாதங்களாகச் சிறிது சிறிதாகத் தாழ்கிறது. ஓய்வோ வெந்நீரோ இதை மாற்றுவதில்லை. உடன் வாழ்பவர்கள் இம்மாற்றத்தை உணராமல் பழகிவிடுவர். நெடுநாள் கழித்துத் தொலைபேசியில் பேசும் உறவினரே "குரல் ஏன் ஆண்குரல் போல் இருக்கிறது?" என்று முதலில் கேட்பதும் உண்டு.

== தொண்டை நிறைந்த உணர்வு ==

தொண்டையில் நிறைவுணர்வு ஏற்பட இருவேறு வழிகள் உள்ளன. முதலாவது, சுரப்பியே வீங்குவது. தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயின் முன்புறத்தை வண்ணத்துப்பூச்சி வடிவில் தழுவி நிற்கிறது. அது பெரிதானால் முன்கழுத்துக் கழலை எனப்படும். கழுத்தணி இறுகுவது போலவும், விழுங்கும்போது தடை இருப்பது போலவும் தோன்றும். கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்று உயர்த்தி, ஒரு மிடறு நீர் விழுங்கினால், தைராய்டு வீக்கம் விழுங்கலுடன் மேலெழுந்து கீழிறங்குவதைக் காணலாம். கழுத்தின் பக்கவாட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களின் வீக்கம் பொதுவாக இவ்வாறு அசைவதில்லை.

இரண்டாவது, சுரப்பி பெரிதாகாமலேயே தொண்டை, நாக்கு, குரல்வளை ஆகியவற்றின் திசுக்கள் உப்புவது. தூக்கத்தில் குறட்டை புதிதாகத் தோன்றுவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

எனினும், தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வுடன் வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு இயல்பாகவே இருக்கும். இரைப்பை அமிலம் மேலேறுவதும், தொண்டைத் தசைகளின் இறுக்கமும், மனக்கவலையும் இவ்வுணர்வைத் தரக்கூடியவை. ஆகவே இவ்வுணர்வு மட்டும் இருப்பதைக் கொண்டு தைராய்டு நோய் என முடிவு செய்ய இயலாது.

== துணை அறிகுறிகள் ==

குரல் கம்மல் தனியாக இருந்தால் தைராய்டு காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. கீழ்க்காணும் மாற்றங்கள் சில சேர்ந்து, அதே காலத்தில், அதே மெதுவான போக்கில் தோன்றியிருந்தால் ஐயம் வலுப்படும்.

* '''குளிர் தாங்காமை:''' மற்றவர்கள் வியர்க்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் போர்வை தேவைப்படுவது. உடலின் வெப்ப உற்பத்தி குறைவதே இதற்குக் காரணம்.
* '''சோர்வும் மந்தமும்:''' போதிய அளவு தூங்கியும் களைப்பு நீங்காமை, மறதி, செயல்கள் மெதுவாதல்.
* '''தோல், முடி மாற்றங்கள்:''' தோல் வறண்டு சொரசொரப்பாதல், முடி உதிர்தல், புருவத்தின் வெளிமுனை மெலிதல், காலையில் கண்ணிமை உப்பியிருத்தல்.
* '''மலச்சிக்கல்,''' உணவு கூடாதபோதும் சில கிலோ எடை கூடுதல்.
* '''மாதவிடாய் மாற்றம்:''' அளவு மிகுதல் அல்லது சுழற்சி ஒழுங்கற்றுப் போதல்.

மருத்துவர் நோயாளியின் குதிகால் தசைநாணைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பார். தைராய்டு குறைபாட்டில் பாதம் வழக்கம்போல் துள்ளும், ஆனால் பழைய நிலைக்குத் திரும்புவது மிக மெதுவாக நிகழும். நாடித்துடிப்பும் மெதுவாக இருக்கலாம். இவை எல்லாம் ஐயத்தைக் கூட்டுபவை மட்டுமே. இவற்றுள் பல இரத்தச்சோகையிலும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும், மனச்சோர்விலும் தோன்றும் என்பதால் முடிவு இரத்தச் சோதனையினாலேயே செய்யப்படுகிறது.

== இரத்தச் சோதனை ==

முதலில் செய்யப்படுவது டி.எஸ்.எச் எனப்படும் தைராய்டு தூண்டும் இயக்குநீரின் அளவைக் காணும் சோதனை ஆகும். இந்த இயக்குநீரைச் சுரப்பது தைராய்டு அன்று. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியே இதைச் சுரக்கிறது. தைராய்டு சுரப்பி தைராக்சின் (டி4) என்னும் இயக்குநீரை இரத்தத்தில் விடுகிறது. அதன் அளவைப் பிட்யூட்டரி இடைவிடாது கண்காணித்து, குறைந்தால் டி.எஸ்.எச் அளவைக் கூட்டி "இன்னும் சுரந்து கொடு" என்று தூண்டுகிறது, மிகுந்தால் குறைக்கிறது. எனவே தைராய்டு பழுதடைந்தால் டி.எஸ்.எச் ''உயர்கிறது''. அறிக்கையில் உயர்ந்த எண்ணைக் கண்டு தைராய்டு மிகையாக வேலை செய்கிறது எனப் பலர் தவறாக எண்ணுவது இதனால்தான்.

தைராக்சினை நேரடியாக அளக்காமல் டி.எஸ்.எச் அளவை முதலில் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. பிட்யூட்டரி மிக நுட்பமாக எதிர்வினை புரிகிறது. தைராக்சின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச் ஏறத்தாழ நூறு மடங்கு வரை உயரக்கூடும். ஆகவே தைராக்சின் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே, அந்த நபருக்கு அது போதவில்லை என்பதை டி.எஸ்.எச் காட்டிவிடுகிறது.

பெரியவர்களில் டி.எஸ்.எச் அளவு பொதுவாக ஒரு லிட்டருக்கு 0.4 முதல் 4 அல்லது 4.5 வரையிலான மில்லி அலகுகள் ஆகும். ஆய்வகத்திற்கு ஆய்வகம் எல்லை சற்று மாறுபடும், கருவுற்ற பெண்களுக்கு எல்லை வேறு. டி.எஸ்.எச் உயர்ந்திருந்தால் இரத்தத்தில் கட்டுறா நிலையில் உள்ள தைராக்சின் (எஃப்.டி4) அளக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் முறை பின்வருமாறு:

* டி.எஸ்.எச் உயர்வு, எஃப்.டி4 குறைவு: வெளிப்படையான தைராய்டு குறைபாடு. குரல் மாற்றத்திற்கு இது தக்க விளக்கம் ஆகும்.
* டி.எஸ்.எச் சிறிது உயர்வு (10-க்குக் கீழ்), எஃப்.டி4 இயல்பு: மறைநிலைக் குறைபாடு. இந்நிலையில் குரல் கம்மலுக்குத் தைராய்டே காரணம் என்று கொள்வது ஐயத்திற்குரியது. வழமையாக இரண்டு, மூன்று மாதங்களில் சோதனை மீண்டும் செய்யப்படும். பலருக்கு எண் தானாகவே இயல்புக்குத் திரும்பிவிடுகிறது.
* இரண்டும் இயல்பு: குரல் கம்மலுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

குறைபாடு உறுதியானால், தைராய்டு பெராக்சிடேசு என்னும் நொதியத்திற்கு எதிரான பிறபொருளெதிரி உள்ளதா எனவும் பார்ப்பதுண்டு. அது இருந்தால், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே சுரப்பியைத் தாக்கும் ஆசிமோட்டோ நோய் காரணம் எனக் கொள்ளலாம். இந்தியாவில் நேரடி உணவுப் பயன்பாட்டிற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது 2006 முதல் மீண்டும் தடைசெய்யப்பட்டுள்ளது. அயோடின் கலந்த உப்பு கிடைக்கும் இடங்களில் பெரியவர்களின் தைராய்டு குறைபாட்டிற்கு முதன்மைக் காரணம் ஆசிமோட்டோ நோயே ஆகும். சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில் சுமார் 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைபாடு காணப்பட்டது.

== ஓர் எடுத்துக்காட்டு ==

மேற்கூறியவை ஒருவரிடம் எவ்வாறு இணைகின்றன என்பதைக் காட்ட ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதியில் பூ விற்கும் 43 அகவைப் பெண் ஒருவர். கூவி விற்பதே அவர் பிழைப்பு. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்து நாட்களும் கூட்டத்தில் கத்தியதால் அவர் குரல் கம்முகிறது. கற்பூரப் புகை, வீதிப் புழுதி, கத்தல் என்று காரணங்கள் கண்ணெதிரே இருப்பதால் எவரும் ஐயுறவில்லை. இருமல் மருந்தும் கசாயமும் குடிக்கிறார்.

தை பிறந்தும் குரல் மீளவில்லை. மாசியில் அவர் கூவுவது அடுத்த கடை வரைகூட எட்டவில்லை. நினைத்துப் பார்த்தால், திருவிழாவுக்கு முன்பே, ஆடி மாதத்திலேயே குரல் தாழத் தொடங்கியிருந்தது. பங்குனி வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்கையில் அவர் இரவில் போர்வை கேட்கிறார். வளையல்கள் கையில் இறுகுகின்றன, பூக்கட்டும் விரல்கள் காலையில் மரத்துப் போகின்றன. மணிக்கட்டில் உப்பிய திசு நரம்பை அழுத்துவதால் இம்மரப்பு வரலாம்.

மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கையில் சுரப்பி சீராகச் சற்றுப் பெருத்து, கெட்டியாக உள்ளது. தனிக் கட்டி ஏதும் இல்லை. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 56. இரத்தச் சோதனையில் டி.எஸ்.எச் 48, எஃப்.டி4 0.4 (இயல்பு அளவு ஏறத்தாழ 0.8 முதல் 1.8 நானோகிராம்/டெசிலிட்டர்), பிறபொருளெதிரி மிகுதி. குரல் கம்மல் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்ததால் காது மூக்கு தொண்டை மருத்துவர் சிறு குழாய்க் கருவியால் குரல்வளையையும் நோக்குகிறார். இரு குரல்நாண்களும் வெளிறி உப்பியுள்ளன, இரண்டும் நன்கு அசைகின்றன, புண்ணோ கட்டியோ இல்லை.

இளம், நடுத்தர அகவையினருக்கு, முழுமையான குறைபாட்டில், லெவோதைராக்சின் மாத்திரையின் அளவு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் எனக் கணக்கிடப்படுகிறது. இவர் எடை 62 கிலோ. 62 × 1.6 = 99, எனவே நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம். முதியோருக்கும் இதய நோயுள்ளோருக்கும் இதைவிடக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவர். இரத்தத்தில் தைராக்சினின் அளவு பாதியாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது என்பதாலும், பிட்யூட்டரி புதிய நிலைக்குப் பழக வேண்டும் என்பதாலும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின்னரே மறு சோதனை பொருளுடையது.

எட்டாம் வாரத்தில் டி.எஸ்.எச் 19 என வருகிறது. உடனே அளவைக் கூட்டாமல், மாத்திரையை எப்படி உட்கொள்கிறார் என மருத்துவர் கேட்கிறார். விடியலில் பூச்சந்தைக்குப் புறப்படும் முன் காப்பியுடனேயே விழுங்குவதும், இரத்தச்சோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்தே எடுப்பதும் தெரிய வருகிறது. காப்பி தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதனுடன் பிணைந்து குடலிலேயே தங்கச் செய்கின்றன. வெறும் வயிற்றில் நீருடன் மட்டும் எடுத்து, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமும் இரும்புக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விட்ட பின், அதே 100 மைக்ரோகிராமில் டி.எஸ்.எச் 2.6 ஆகிறது. குளிரும் சோர்வும் முதலில் விலகுகின்றன. குரல் தெளிய மேலும் சில மாதங்கள் பிடிக்கின்றன, ஏனெனில் திசுக்களில் தேங்கிய பொருள் மெதுவாகவே கரைகிறது. ஆசிமோட்டோ நோயில் மாத்திரை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தேவைப்படும்.

== சோதனை தவறாகக் காட்டக்கூடிய நிலைகள் ==

'''பயோட்டின்:''' முடி, நகம் வளர்ச்சிக்கென விற்கப்படும் மாத்திரைகளில் இந்த உயிர்ச்சத்து மிகுதியாக இருக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தியே அளப்பதால், இரத்தத்தில் உள்ள மிகைப் பயோட்டின் டி.எஸ்.எச் அளவைப் பொய்யாகக் குறைத்தும் எஃப்.டி4 அளவைப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். முடி உதிர்வதால் அம்மாத்திரையை உட்கொள்ளும் ஒருவரின் உண்மையான குறைபாடு இவ்வாறு மறைக்கப்படலாம். சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் அதை நிறுத்த வேண்டும்.

'''கடும் நோய்:''' வேறு கடும் நோயிலிருந்து தேறி வருகையில் டி.எஸ்.எச் தற்காலிகமாக உயரக்கூடும். அவசரமில்லையெனில் உடல் தேறிய சில வாரங்களுக்குப் பின் சோதிப்பது நன்று.

'''பிட்யூட்டரி பழுது:''' தூண்ட வேண்டிய சுரப்பியே பழுதடைந்தால் டி.எஸ்.எச் உயராது. மகப்பேற்றின்போது மிகுந்த குருதி இழப்பால் பிட்யூட்டரி பாதிக்கப்பட்ட பெண்களிடம் இது காணப்படலாம். இவர்களுக்கு டி.எஸ்.எச் இயல்பாகத் தோன்றும், எஃப்.டி4 மட்டுமே குறைவைக் காட்டும்.

== குரல்வளையை நோக்க வேண்டிய நிலைகள் ==

டி.எஸ்.எச் உயர்ந்திருப்பது கண்டறியப்பட்டவுடன் குரல் கம்மலுக்கு விடை கிடைத்துவிட்டது எனக் கொள்வது ஆபத்தானது. தைராய்டு குறைபாடு பரவலாக உள்ள ஒன்று, ஆகவே அதுவும் வேறொரு தொண்டை நோயும் ஒருவரிடமே இருக்கலாம். குரல்நாண்களை அசைக்கும் நரம்புகள் தைராய்டின் பின்புறமாகச் செல்கின்றன. சுரப்பியில் தோன்றும் புற்றுக்கட்டி அந்நரம்பைத் தாக்கினால் ஒரு குரல்நாண் செயலிழந்து குரல் திடீரெனக் காற்றுக்குரலாக மாறும். இதற்கும் இயக்குநீர் அளவிற்கும் தொடர்பில்லை, டி.எஸ்.எச் முற்றிலும் இயல்பாகவும் இருக்கலாம்.

நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கம்மலில் குரல்வளையை நேரடியாக நோக்க வேண்டும். கழுத்தில் கட்டி, விழுங்க இயலாமை, இருமலில் இரத்தம், மூச்சு உள்ளிழுக்கையில் இரைச்சல், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் நான்கு வாரம் காத்திராமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் அது அவசர நிலை ஆகும்.

== வரலாறு ==

1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுத்தர அகவைப் பெண்களில் முகம் உப்பி, நாக்கு தடித்து, குரல் அடித்தொண்டையிலிருந்து வருவதாக மாறும் ஒரு நோயை விவரித்தார். அப்போது அதன் காரணம் அறியப்படவில்லை. திசுக்களில் கூழ் போன்ற பொருள் தேங்குவதைக் கண்ட வில்லியம் ஆர்டு 1870-களின் பிற்பகுதியில் அதற்கு மிக்சிடீமா எனப் பெயரிட்டார்.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் சியார்ச்சு மரே, 46 அகவைப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவர் தேறினார். பின்னர் அச்சாற்றை வாய்வழியாகவே உட்கொண்டு 1919 வரை, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் அவருக்குத் தேவைப்பட்டது 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள். 1914-இல் எட்வர்டு கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அதே இயக்குநீர் செயற்கையாகச் செய்யப்பட்டு, மைக்ரோகிராம் அளவிலான ஒரு சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது.